ஒரே சரக்கு, ஒரே விற்பனை, மூன்று இலாபங்கள்: சரக்கிருப்பு மதிப்பீட்டு முறையைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

ஒரு வணிகம் ஓராண்டில் வாங்கிய அளவும் விற்ற அளவும், கொடுத்த பணமும் பெற்ற பணமும் சிறிதும் மாறாமல் இருக்கும்போதே, அந்த ஆண்டின் நிகர இலாபத்தை 6,000 என்றும் காட்டலாம், 9,000 என்றும் காட்டலாம். இரண்டுமே கணக்கியல் தரநிலைக்கு உட்பட்டவையாக இருக்கும். தணிக்கையாளரும் இரண்டையும் ஏற்பார். கணக்கியலுக்குப் புதிதாக வருபவருக்கு இது ஏதோ தந்திரம் போலத் தோன்றினால் வியப்பில்லை. ஆனால் இந்த வேறுபாடு முழுவதும் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் பிறக்கிறது: ஆண்டு முடிவில் விற்காமல் கிடங்கில் மிஞ்சியிருக்கும் சரக்குக்கு என்ன விலை போடுவது என்ற கேள்வியிலிருந்து.

அந்தக் கேள்விக்கு முதலில் வந்தது முதலில் செல்லும் முறை (இனி ஃபிஃபோ) ஒரு விடை தருகிறது. நிறையிட்ட சராசரி முறை வேறு விடை தருகிறது. கீழே ஒரே எடுத்துக்காட்டை இரண்டு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து போட்டுப் பார்க்கிறோம். ஒரு தாளையோ விரிதாளையோ எடுத்துக்கொண்டு கூடவே கணக்கிட்டால் விஷயம் எளிதில் பிடிபடும். தொகைகளை எந்த நாணயத்தில் வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

## முதல் படி: மொத்த அடக்கத்தைத் திரட்டுதல்

எந்த முறையைப் பின்பற்றினாலும் தொடக்க வேலை ஒன்றுதான். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கின் அடக்கத்தோடு, ஆண்டு முழுவதும் வாங்கியவற்றின் அடக்கத்தைக் கூட்ட வேண்டும். இதுவே விற்பதற்குக் கையில் இருந்த மொத்தச் சரக்கின் அடக்கம். பில்லில் உள்ள விலையிலிருந்து வணிகத் தள்ளுபடியைக் கழித்து, சரக்கைக் கிடங்குக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆன வண்டி வாடகை, இறக்குமதித் தீர்வை போன்றவற்றைச் சேர்த்தால் கிடைப்பதே கொள்முதல் அடக்கம். அரசிடமிருந்து திரும்பப் பெறக்கூடிய வரிகள் இதில் சேராது. விற்பனைப் பிரிவின் செலவுகளும் சேராது.

செம்புக் கம்பிச் சுருள்களை வாங்கி விற்கும் ஒரு புதிய வணிகத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாச் சுருள்களும் ஒரே தரம், ஒரே எடை. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியாது. முதல் ஆண்டில் நடந்தவை வரிசைப்படி இவை: முதலில் 100 சுருள்களைத் தலா 200க்கு வாங்கினார்கள், அடுத்து 200 சுருள்களைத் தலா 230க்கு வாங்கினார்கள், பிறகு 200 சுருள்களை விற்றார்கள், அதன்பின் 100 சுருள்களைத் தலா 260க்கு வாங்கினார்கள், கடைசியாக 100 சுருள்களை விற்றார்கள். விற்பனை விலை ஆண்டு முழுவதும் 300.

வாங்கியவற்றின் அடக்கம் 20,000, 46,000, 26,000 ஆகியவை. மொத்தம் 400 சுருள்கள், 92,000. விற்றது 300 சுருள்கள், விற்பனைத் தொகை 90,000. மிஞ்சியது 100 சுருள்கள்.

இனி வருவது அனைத்தும் இந்த 92,000ஐ இரண்டாகப் பிரிப்பதுதான். ஒரு பங்கு விற்ற சரக்கின் அடக்கமாக இந்த ஆண்டு இலாபநட்டக் கணக்கில் செலவாகும். மற்றப் பங்கு இறுதிச் சரக்கிருப்பாக இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக நிற்கும்.

```
விற்ற சரக்கின் அடக்கம் = தொடக்க இருப்பு + கொள்முதல் - இறுதி இருப்பு
```

இந்தச் சமன்பாட்டில் வலப்பக்கத்தின் முதல் இரண்டு தொகைகளும் இந்த ஆண்டைப் பொறுத்தவரை முடிந்துபோனவை. தீர்மானிக்க எஞ்சியிருப்பது இறுதி இருப்பு மட்டுமே. அதன் மதிப்பு ஒரு ரூபாயோ ஒரு டாலரோ கூடினால், செலவு அதே அளவு குறைந்து, இலாபம் அதே அளவு கூடும். முறைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு தொடர்பைப் பற்றிக்கொள்வது முக்கியம்.

## இரண்டாம் படி: 92,000ஐப் பிரித்தல்

ஃபிஃபோ முறையில், முதலில் வாங்கிய சுருள்களே முதலில் விற்றுப்போனதாகக் கொள்கிறோம். முதல் விற்பனையின் 200 சுருள்களில் 100க்கு 200 வீதமும் மீதி 100க்கு 230 வீதமும் அடக்கம், ஆக 43,000. இரண்டாம் விற்பனையின் 100 சுருள்களுக்கு 230 வீதம் 23,000. விற்ற சரக்கின் அடக்கம் 66,000. மிஞ்சிய 100 சுருள்களும் கடைசியாக வாங்கியவை என்பதால் இறுதி இருப்பு 26,000.

இங்கே புதியவர்கள் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்று உண்டு. கிடங்கு ஊழியர் உண்மையில் பழைய சுருளை முதலில் எடுத்துக் கொடுத்தாரா, வாசலுக்கு அருகில் கிடந்த புதியதைக் கொடுத்தாரா என்று யாருக்குத் தெரியும்? தெரிய வேண்டியதில்லை. இது அடக்கம் எந்த வரிசையில் நகர்கிறது என்ற அனுமானமே தவிர, பொருள் எந்த வரிசையில் நகர்ந்தது என்ற பதிவு அல்ல. ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கக்கூடிய பொருள்களுக்குத்தான் இந்த அனுமானம் பொருந்தும். ஒவ்வொன்றும் தனித்தன்மை உடைய பொருள்களுக்கும், குறிப்பிட்ட ஒரு பணிக்கென்று ஒதுக்கிய பொருள்களுக்கும் அவற்றின் சொந்த அடக்கத்தையே தனித்தனியாகத் தொடர வேண்டும் என்பது பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 2இன் விதி.

நிறையிட்ட சராசரி முறையை இரண்டு விதமாகப் போடலாம். அந்தத் தரநிலை இரண்டையும் அனுமதிக்கிறது. ஆண்டு முடிவில் ஒரே ஒருமுறை சராசரி எடுப்பது எளிய வழி: 92,000ஐ 400ஆல் வகுத்தால் ஒரு சுருளுக்கு 230. இறுதி இருப்பு 23,000. விற்ற சரக்கின் அடக்கம் 69,000.

ஒவ்வொரு கொள்முதலுக்குப் பிறகும் சராசரியைப் புதுப்பிப்பது மற்ற வழி. இதை நகரும் சராசரி என்பார்கள். முதல் இரண்டு கொள்முதல்களுக்குப் பிறகு 300 சுருள்கள், 66,000, சராசரி 220. அப்போது விற்ற 200 சுருள்களின் அடக்கம் 44,000. மீதியுள்ள 100 சுருள்கள் 22,000 மதிப்பில் நிற்கின்றன. மூன்றாம் கொள்முதலின் 26,000 சேர்ந்ததும் 200 சுருள்கள், 48,000. புதிய சராசரி 240. கடைசியாக விற்ற 100 சுருள்களின் அடக்கம் 24,000. மிஞ்சிய 100 சுருள்களின் மதிப்பும் 24,000. விற்ற சரக்கின் அடக்கம் மொத்தம் 68,000.

இரண்டு சராசரிகளும் வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. ஆண்டு முடிவில் எடுக்கும் சராசரி, முதல் விற்பனை நடந்தபோது இன்னும் வாங்கவே வாங்காத 260 விலைச் சுருள்களையும் அந்த விற்பனையின் அடக்கத்தில் கலந்துவிடுகிறது. நகரும் சராசரி அந்தந்த நேரத்தில் கையில் இருந்ததை மட்டுமே பார்க்கிறது. ஃபிஃபோவில் இந்தச் சிக்கல் இல்லை. ஆண்டு முடிவில் ஒருமுறை போட்டாலும், ஒவ்வொரு விற்பனையிலும் போட்டாலும் ஒரே விடைதான் வரும், ஏனென்றால் மிக முந்தைய அடுக்கு எது என்பது இடையில் எப்போது கணக்குப் போட்டாலும் மாறாது.

ஓர் எச்சரிக்கை. இந்த எடுத்துக்காட்டில் 200, 230, 260 ஆகிய மூன்று விலைகளின் எளிய சராசரியும் 230 என்றே வருகிறது. வாங்கிய அளவுகள் இருபுறமும் சமமாக அமைந்ததால் நேர்ந்த ஒற்றுமை இது. இதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாம் கொள்முதல் 100க்குப் பதிலாக 300 சுருள்களாக இருந்திருந்தால், மொத்தம் 600 சுருள்களுக்கு 1,44,000 ஆகி, சரியான சராசரி 240 ஆகியிருக்கும். எளிய சராசரியோ 230இலேயே நின்றிருக்கும். விலைகளை மட்டும் கூட்டி வகுப்பது தொடக்கநிலையில் மிகுதியாகக் காணப்படும் பிழை.

## மூன்றாம் படி: இலாபத்தை எடுத்து ஒப்பிடுதல்

விற்பனைத் தொகை 90,000இலிருந்து விற்ற சரக்கின் அடக்கத்தைக் கழித்தால், மொத்த இலாபம் ஃபிஃபோவில் 24,000, நகரும் சராசரியில் 22,000, ஆண்டு இறுதிச் சராசரியில் 21,000. வாடகை, சம்பளம் முதலிய மற்றச் செலவுகள் 15,000 என்று வைத்துக்கொண்டால் நிகர இலாபம் முறையே 9,000, 7,000, 6,000.

விற்ற சரக்கின் அடக்கத்தில் இருந்த வேறுபாடு வெறும் 3,000. அதாவது 66,000க்கும் 69,000க்கும் இடையே ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. நிகர இலாபத்தில் அதே 3,000, ஆண்டு இறுதிச் சராசரி காட்டும் தொகையோடு ஒப்பிட்டால் ஐம்பது விழுக்காடு. வேறுபாடு தொகையளவில் வளரவில்லை. செலவுகளைக் கழிக்கக் கழிக்க அது சேரும் அடித்தொகைதான் சுருங்கிக்கொண்டே போகிறது. இலாப விகிதம் மெலிதாக உள்ள மொத்த வணிகங்களில் மதிப்பீட்டு முறை இவ்வளவு பேசப்படுவதற்குக் காரணம் இதுவே.

கைப்பணத்தைப் பாருங்கள். மூன்று முறைகளிலும் வணிகம் சுருள்களுக்காகக் கொடுத்தது 92,000, பெற்றது 90,000, மற்றச் செலவு 15,000. வரிக்கு முன் கையில் உள்ள பணம் மூன்றிலும் ஒன்றே. ஃபிஃபோ கூடுதலாகக் காட்டும் 3,000 வங்கிக் கணக்கில் எங்கும் இல்லை. அது கிடங்கில் உள்ள 100 சுருள்களின் மேல் எழுதப்பட்ட மதிப்பில் இருக்கிறது. உரிமையாளர் அதை இலாபமென்று நம்பி எடுத்துச் செலவிட்டால், அடுத்த சுருளை 260 கொடுத்து வாங்கும்போது கை கடிக்கும். விலை ஏறும் காலத்தில் ஃபிஃபோ 200 அடக்கத்தில் உள்ள சுருளை 300க்கு விற்று 100 இலாபம் காட்டுகிறது. அந்த இடத்தை நிரப்ப 260 வேண்டும் என்பது அந்தக் கணக்கில் தெரிவதில்லை. என் கருத்தில், புதியவர்கள் வரிச் சலுகைகளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

## நான்காம் படி: கணக்கை இரண்டாம் ஆண்டுக்குக் கொண்டுசெல்லுதல்

பல பாடங்கள் முதல் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. உண்மையான புரிதல் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் ஆண்டின் இறுதி இருப்பே இரண்டாம் ஆண்டின் தொடக்க இருப்பு. எனவே இரண்டாம் ஆண்டு ஃபிஃபோவில் 26,000 சுமையோடும், நகரும் சராசரியில் 24,000 சுமையோடும், ஆண்டு இறுதிச் சராசரியில் 23,000 சுமையோடும் தொடங்குகிறது. இரண்டாம் ஆண்டில் மேலும் 200 சுருள்களைத் தலா 260க்கு, மொத்தம் 52,000க்கு வாங்கினார்கள். கையில் இருந்த 300 சுருள்களையும் தலா 330க்கு விற்றுத் தீர்த்தார்கள். விற்பனைத் தொகை 99,000. இறுதி இருப்பு எதுவும் இல்லை; ஆகவே தொடக்க இருப்பும் கொள்முதலும் அப்படியே விற்ற சரக்கின் அடக்கமாகின்றன.

| மொத்த இலாபம் | ஃபிஃபோ | நகரும் சராசரி | ஆண்டு இறுதிச் சராசரி |
|---|---|---|---|
| முதல் ஆண்டு | 24,000 | 22,000 | 21,000 |
| இரண்டாம் ஆண்டு | 21,000 | 23,000 | 24,000 |
| இரண்டும் சேர்ந்து | 45,000 | 45,000 | 45,000 |

கடைசி வரிசையை முதலில் பாருங்கள். சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்ததும் எல்லா முறைகளும் ஒரே தொகையில் வந்து நிற்கின்றன. இலாபத்தை உண்டாக்குவதோ அழிப்பதோ மதிப்பீட்டு முறையால் ஆகாது. அது எந்த ஆண்டின் கணக்கில் விழ வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது.

இனி நடு வரிசைகளைப் பாருங்கள். மற்றச் செலவுகள் இரண்டு ஆண்டிலும் 15,000 என்றால், ஃபிஃபோ கணக்கில் நிகர இலாபம் 9,000இலிருந்து 6,000ஆகச் சரிந்திருக்கிறது; ஆண்டு இறுதிச் சராசரிக் கணக்கில் 6,000இலிருந்து 9,000ஆக உயர்ந்திருக்கிறது. ஒரே வணிகம், ஒரே பரிவர்த்தனைகள். ஒன்றைப் படிக்கும் வங்கி அதிகாரி வணிகம் நலிகிறது என்பார். மற்றதைப் படிப்பவர் வளர்கிறது என்பார். ஓராண்டின் இலாபத்தைவிட, இலாபம் போகும் திசையைத்தான் படிப்பவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால், முறையின் பாதிப்பு இங்கேதான் மிகவும் கூர்மையாக உறைக்கிறது.

வரியும் இப்படித்தான் நகர்கிறது. வரி விகிதம் 30 விழுக்காடு என்று வைத்து, ஏட்டில் காட்டிய இலாபத்தின் மீதே வரி கணக்கிடப்படுகிறது என்று கொண்டால், முதல் ஆண்டில் ஃபிஃபோவுக்கு 2,700, ஆண்டு இறுதிச் சராசரிக்கு 1,800. இரண்டாம் ஆண்டில் இவை இடம் மாறும். மொத்த வரி ஒன்றுதான். 900ஐ ஓராண்டு முன்னதாகக் கட்டுவதா பின்னதாகக் கட்டுவதா என்பதே வேறுபாடு.

## ‘விலை ஏறினால் ஃபிஃபோவில் இலாபம் கூடும்’ என்பது எப்போது பொய்க்கும்

இந்த வாக்கியம் பாடநூல்களில் விதி போல எழுதப்பட்டிருக்கும். முதல் ஆண்டுக்கு அது சரி, ஏனென்றால் அப்போது தொடக்க இருப்பு இல்லை. தொடர்ந்து நடக்கும் வணிகத்தில் இரு முறைகளுக்கும் தொடக்க இருப்பிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது. அதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

```
இலாப வேறுபாடு = இறுதி இருப்பின் இடைவெளி - தொடக்க இருப்பின் இடைவெளி
```

இரண்டாம் ஆண்டை வேறு விதமாக நடத்திப் பார்ப்போம். விலை தொடர்ந்து ஏறுகிறது: 200 சுருள்களைத் தலா 270க்கும், பிறகு 100 சுருள்களைத் தலா 280க்கும் வாங்குகிறார்கள், 300 சுருள்களை விற்று, ஆண்டு முடிவில் 100 சுருள்களை மிச்சம் வைக்கிறார்கள். ஃபிஃபோவில் மிஞ்சியவை கடைசியாக வாங்கியவை, மதிப்பு 28,000. ஆண்டு இறுதிச் சராசரியில் தொடக்க இருப்பு 23,000, கொள்முதல் 54,000 மற்றும் 28,000. மொத்தம் 1,05,000ஐ 400ஆல் வகுத்தால் 262.50, இறுதி இருப்பு 26,250.

இறுதி இருப்பின் இடைவெளி 1,750. தொடக்க இருப்பின் இடைவெளி 3,000. ஆக இந்த ஆண்டில் ஃபிஃபோ காட்டும் இலாபம் 1,250 குறைவு. ஃபிஃபோவில் விற்ற சரக்கின் அடக்கம் 80,000, சராசரியில் 78,750 என்று தனியே போட்டுப் பார்த்தாலும் இதே விடை வரும். விலை 260இலிருந்து 280க்கு ஏறியிருக்கிறது. ஆனாலும் விதி தலைகீழாகிவிட்டது. காரணம், விலை முந்தைய ஆண்டைவிட மெதுவாக ஏறியதால் இருப்பின் இடைவெளி சுருங்கியது. ஃபிஃபோவுக்குக் கூடுதல் இலாபம் தருவது விலை ஏற்றம் அல்ல. ஆண்டுக்கு ஆண்டு விரியும் இடைவெளி.

இருப்பின் அளவும் இதில் பங்கு கொள்கிறது. முதல் ஆண்டில் 100க்குப் பதிலாக 10 சுருள்கள் மட்டுமே மிஞ்சியிருந்தால், ஃபிஃபோவில் 2,600, ஆண்டு இறுதிச் சராசரியில் 2,300. இடைவெளி வெறும் 300. சரக்கு வந்த வேகத்தில் விற்றுப்போகும் வணிகத்துக்கு முறைத் தேர்வு பெரிய பொருட்டல்ல. பல மாதத் தேவைக்கு இருப்பு வைத்திருக்கும் வணிகத்துக்கு அது பெரிய விஷயம்.

விலை இறங்கும் ஆண்டில் மேலே சொன்னவை எதிர்த்திசையில் நடக்கும். தனியாக விளக்க வேண்டியதில்லை.

## ஐந்தாம் படி: நிகரத் தீர்வு மதிப்போடு ஒப்பிடுதல்

முறைப்படி கணக்கிட்ட இறுதி இருப்பை அப்படியே எழுதிவிட முடியாது. அந்தச் சரக்கை வழக்கமான வணிகத்தில் விற்றால் கிடைக்கக்கூடிய விலையிலிருந்து, விற்க ஆகும் செலவையும், முடிக்க வேண்டிய வேலை இருந்தால் அதற்கான செலவையும் கழிக்க வேண்டும். மீதியே நிகரத் தீர்வு மதிப்பு. அடக்கம், நிகரத் தீர்வு மதிப்பு இரண்டில் எது குறைவோ அதுவே இருப்பின் மதிப்பாகும்.

இந்தப் படி சில வேளைகளில் முறைகளுக்கு இடையிலான வேறுபாட்டையே துடைத்துவிடுகிறது. முதல் ஆண்டின் கடைசி விற்பனைக்குப் பிறகு செம்பு விலை திடீரெனச் சரிந்து, ஒரு சுருளை 235க்கு மேல் விற்க முடியாது, விற்கும் செலவு 10 என்ற நிலை வந்ததாகக் கொள்வோம். நிகரத் தீர்வு மதிப்பு ஒரு சுருளுக்கு 225; 100 சுருள்களுக்கு 22,500. மூன்று முறைகளும் தந்த 26,000, 24,000, 23,000 ஆகிய மூன்றுமே இதைவிட அதிகம். ஆகவே மூன்றும் 22,500ஆகக் குறைக்கப்படும். குறைத்த தொகை அந்த ஆண்டின் செலவாகும். மூன்றிலும் மொத்த இலாபம் 20,500 என்று ஒன்றாகிவிடும். ஃபிஃபோவைப் பின்பற்றியவர் 3,500 இழப்பைத் தனியாகக் காட்டுவார், ஆண்டு இறுதிச் சராசரிக்காரர் 500 மட்டுமே காட்டுவார். இழப்பைக் காட்டும் வரிசையை மட்டும் படித்துவிட்டு முதலாமவரின் சரக்கு நிர்வாகம் மோசம் என்று முடிவு செய்வது தவறு.

## எந்த முறை, மாற்றலாமா

பன்னாட்டுத் தரநிலையைப் பின்பற்றும் நாடுகளில் தேர்வு ஃபிஃபோவுக்கும் நிறையிட்ட சராசரிக்கும் இடையில்தான். கடைசியில் வந்தது முதலில் செல்லும் லிஃபோ முறை 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. அத்திருத்தம் 2005 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் லிஃபோ இன்றும் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஆனால் வரிக் கணக்கில் அதைப் பயன்படுத்தும் நிறுவனம் பங்குதாரர்களுக்கான கணக்கிலும் அதையே பயன்படுத்த வேண்டும்.

ஒரே தன்மையும் ஒரே பயனும் உடைய சரக்குகளுக்கு ஒரே முறையையே பின்பற்ற வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு வசதிக்கேற்ப மாற்ற முடியாது. புதிய முறை நம்பத்தக்க, மேலும் பொருத்தமான தகவலைத் தரும் என்று காட்ட முடிந்தால் மாற்றலாம். அப்போதும் முன்னாண்டு எண்களைப் புதிய முறையில் திருத்தி அருகருகே காட்ட வேண்டும்.

இந்த விதி ஏன் இவ்வளவு கண்டிப்பானது என்பதை நம் எடுத்துக்காட்டே காட்டும். ஒருவர் முதல் ஆண்டை ஃபிஃபோவில் முடித்து 24,000 இலாபம் காட்டுகிறார். சரக்கு முழுவதையும் விற்றுத் தீர்த்த இரண்டாம் ஆண்டை ஆண்டு இறுதிச் சராசரியில் தொடங்கி, தொடக்க இருப்பாக 26,000க்குப் பதில் 23,000 எழுதுகிறார், இலாபம் 24,000. இரண்டும் சேர்ந்து 48,000. ஆனால் உண்மையான மொத்தம் 45,000தான். 3,000 அடக்கம் எந்த ஆண்டின் செலவிலும் சேராமல் இடையில் காணாமல் போய்விட்டது. இதைக் கண்டுபிடிக்க நுட்பம் எதுவும் தேவையில்லை: இந்த ஆண்டின் தொடக்க இருப்பு, சென்ற ஆண்டு வெளியிட்ட இறுதி இருப்போடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். பொருந்தாவிட்டால் அதற்கான விளக்கமும் திருத்திய எண்களும் குறிப்புகளில் இருக்க வேண்டும்.

## ஆறாம் படி: போட்ட கணக்கைச் சோதித்தல்

சராசரி முறையில், இறுதி இருப்பின் மதிப்பை அளவால் வகுத்துக் கிடைக்கும் விலை, தொடக்க இருப்பின் விலையும் ஆண்டின் கொள்முதல் விலைகளும் அடங்கிய எல்லைக்குள், குறைந்ததற்கும் அதிகமானதற்கும் இடையில் இருக்க வேண்டும். நம் முதல் ஆண்டில் அது 200க்கும் 260க்கும் இடையில். விடை 275 என்றோ 180 என்றோ வந்தால், சராசரியில் அல்ல, பதிவில் பிழை இருக்கிறது. பெரும்பாலும் காரணம் இருப்பு எண்ணிக்கை ஒரு கட்டத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போனதுதான்: சரக்கு வந்து விற்றும் போய்விட்டது, கொள்முதல் பில் மட்டும் தாமதமாக ஏறியது. மென்பொருளோ, கையில் இல்லாத சரக்கை ஏதோ ஒரு விலையில் வெளியேற்றிவிட்டு, பில் ஏறியதும் எஞ்சிய சில சுருள்களின் தலையில் வேறுபாடு முழுவதையும் சுமத்திவிடும்.

நகரும் சராசரியில் இந்தத் தாமதம் இன்னும் தொல்லை தரும். முன்தேதியிட்டு ஒரு பில்லை ஏற்றினால் அதற்குப் பின் நடந்த ஒவ்வொரு விற்பனையின் அடக்கமும் மாற வேண்டும். சில மென்பொருள்கள் அனைத்தையும் மறுகணக்கிடும். சில அன்றைய தேதியிலிருந்து மட்டும் திருத்தும். முடித்து மூடிய மாதத்தின் இலாபம் பிறகு தானாக மாறியிருந்தால், முதலில் தேட வேண்டியது முன்தேதியிட்ட கொள்முதல் பதிவை.

ஃபிஃபோவில் சோதனை வேறு. கையில் உள்ள அளவை எடுத்துக்கொண்டு, கடைசிக் கொள்முதல் பில்லிலிருந்து பின்னோக்கி அந்த அளவு நிறையும்வரை செல்ல வேண்டும். அந்த பில்களின் தொகை ஏட்டில் உள்ள இறுதி இருப்போடு ஒத்துப்போக வேண்டும். 100 சுருள்கள் இருந்தும் மதிப்பு 25,400 என்று காட்டினால், பழைய 230 விலை அடுக்கில் 20 சுருள்கள் இன்னும் வெளியேறாமல் நிற்கின்றன என்று பொருள்: 20 சுருள்கள் 230 வீதம் 4,600, 80 சுருள்கள் 260 வீதம் 20,800. வாடிக்கையாளர் திருப்பியனுப்பிய சரக்கைத் தவறான அடுக்கில் சேர்த்திருப்பது வழக்கமான காரணம்.

வேறொரு நிறுவனத்தின் கணக்கைப் படிக்கும்போது, கணக்கியல் கொள்கைகள் பற்றிய குறிப்பில் சரக்கிருப்பு எந்த முறையில் மதிப்பிடப்பட்டது என்று எழுதியிருப்பார்கள். ஒப்பிடும் இரண்டு நிறுவனங்களின் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். லிஃபோவைப் பின்பற்றும், அமெரிக்காவில் பட்டியலிட்ட நிறுவனங்கள் தம் இருப்புக்கும் நடப்பு விலை மதிப்புக்கும் உள்ள இடைவெளியைக் குறிப்பில் வெளியிடுகின்றன. அதைக் கொண்டு எண்களைத் திருத்திக்கொள்ளலாம். ஃபிஃபோவுக்கும் சராசரிக்கும் அப்படி ஒரு குறிப்பு இருப்பதில்லை. அங்கே தோராயமாகத்தான் போட முடியும்: நம் வணிகம் போல இறுதி இருப்பு 26,000ஆக உள்ள நிறுவனத்தில், கடைசிக் கொள்முதல் விலை ஆண்டின் சராசரியைவிட ஏறத்தாழ ஐந்து விழுக்காடு அதிகம் என்று தெரிந்தால், இருப்பில் 1,200 முதல் 1,300 வரை முறையால் வந்த உயர்வு இருக்கலாம். தொடக்க இருப்புக்கும் அதே கணக்கைப் போட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஆண்டின் நிகர இலாபத்தோடு ஒப்பிடுங்கள். அது இலாபத்தில் நூற்றில் ஒரு பங்கு என்றால் முறையைப் பற்றிக் கவலைப்படாமல் ஒப்பீட்டைத் தொடரலாம். ஐந்தில் ஒரு பங்கு என்றால் அவ்விரு நிறுவனங்களின் ஓராண்டு இலாபங்களை நேருக்கு நேர் வைத்துப் பேசாமல், மூன்று நான்கு ஆண்டுகளின் கூட்டுத்தொகையை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.